கடைசி நூறு ஜிபிக்கு என்ன விலை?

2019 டிசம்பர் இறுதியில் ஆர்ச் லினக்ஸ் குழுவினர் ஒரு முடிவெடுத்தார்கள். மென்பொருள் தொகுப்புகளைச் சுருக்கிவைக்க அதுவரை பயன்படுத்திவந்த xz என்ற கோடெக்கை விட்டுவிட்டு, zstd என்ற இன்னொன்றுக்கு மாறினார்கள். இத்தனைக்கும் புதியது பழையதைவிட நன்றாகச் சுருக்கவில்லை. எல்லாத் தொகுப்புகளையும் புதிய முறையில் சுருக்கிப் பார்த்தபோது மொத்த அளவு சுமார் 0.8 சதவீதம் கூடவே செய்தது. ஆனால் விரிக்கும் வேகம் ஏறத்தாழ 1300 சதவீதம் கூடியது என்று அவர்களே அறிவித்தார்கள். ஒரு தொகுப்பைச் சுருக்குவது ஒருமுறைதான். அதை விரிப்பதோ உலகெங்கும் உள்ள கணினிகளில், ஒவ்வொரு அப்டேட்டின்போதும். இப்படிப் பார்த்தால் 0.8 சதவீதம் கொசுறு விலைதான்.

சுருக்கம் என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, ‘எவ்வளவு சிறிதாகும்?’ என்பது. தரவுத்தளமோ காப்புப் பிரதியோ வைத்திருப்பவருக்கு அது பாதிக் கேள்விதான். சுருக்க ஒரு முறை, படிக்கும் ஒவ்வொரு முறையும் விரிக்க இன்னொரு முறை என்று பிராசசர் அதற்கான கூலியைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கூலி கோடெக்குக்குக் கோடெக் நூறு மடங்குக்கும் மேல் வேறுபடும். சுருக்கிய பிறகான அளவோ இரண்டு மடங்குதான் வேறுபடும்.

எங்கிருந்து வருகிறது இந்த வித்தியாசம்? 1977இல் ஆபிரகாம் லெம்பல், யாக்கோப் சிவ் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். தரவைப் படித்துக்கொண்டே போகும்போது, இப்போது வரும் துண்டு ஏற்கெனவே வந்திருந்தால் அதை மறுபடி எழுதாதே. ‘1,200 பைட் பின்னால் போய், அங்கிருந்து 18 பைட் எடுத்துக்கொள்’ என்று ஒரு குறிப்பை மட்டும் எழுது. இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான கோடெக்குகள் இந்தக் குறிப்பு முறையைத்தான் முதல் கட்டமாக வைத்திருக்கின்றன. இரண்டாம் கட்டம் தனி. முதல் கட்டத்தில் மிஞ்சிய பைட்டுகளில் அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட்டும், அபூர்வமாக வருவதற்கு அதிக பிட்டும் ஒதுக்குவது. 1952இல் டேவிட் ஹஃப்மன் தந்த முறை இதற்கு முன்னோடி.

யான் கோலே 2011இல் வெளியிட்ட lz4, இந்த இரண்டாம் கட்டத்தை முற்றிலுமாகத் தூக்கியெறிந்துவிட்டது. ஒத்த துண்டைத் தேடுவதிலும் அது மெனக்கெடுவதில்லை. அடுத்த நான்கு பைட்டை வைத்து ஒரு சிறு அட்டவணையில் ஒரே ஒரு இடத்தைப் பார்க்கும். பொருந்தினால் சரி, இல்லையென்றால் நகர்ந்துவிடும். 64 கேபிக்கு மேல் பின்னால் திரும்பியும் பார்க்காது. எழுதுவதெல்லாம் முழு முழு பைட்டுகளாகவே இருப்பதால், விரிப்பது என்பது கிட்டத்தட்ட நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகல் எடுக்கும் வேலையாகவே சுருங்கிவிடுகிறது.

எதிர்க்கோடியில் xz. இகோர் பாவ்லோவ் 7-ஜிப் மென்பொருளுக்காக உருவாக்கிய முறைதான் இதற்குள்ளும் இருக்கிறது. இயல்பான அமைப்பிலேயே 8 எம்பி பின்னால் வரை தேடும். கிடைத்த ஒத்த துண்டுகளில் எது மொத்தத்தில் மலிவு என்று பல வழிகளை எடைபோடும். பிறகு ஒவ்வொரு பிட்டுக்கும், அது 0 ஆக இருக்குமா 1 ஆக இருக்குமா என்று முந்தைய பிட்டுகளை வைத்துக் கணித்து எழுதும். இந்தக் கடைசி வேலைதான் விரிக்கும்போது காலைவாருகிறது. ஒரு பிட் என்னவென்று தெரிந்தால்தான் அடுத்த பிட்டுக்கான கணிப்பைத் தொடங்க முடியும். ஒரே சமயத்தில் பல கட்டளைகளை ஓட்டும் திறமையுள்ள இன்றைய பிராசசர் இங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இரண்டுக்கும் நடுவே zstd. lz4 எழுதிய அதே கோலே, பின்னர் ஃபேஸ்புக்கில் இருந்தபோது 2016இல் வெளியிட்டது. போலந்தின் யாரெக் டூடா கண்ட ஒரு புதிய எண்முறையை இரண்டாம் கட்டத்துக்கு எடுத்துக்கொண்டது. அதன்படி விரிக்கும்போது பெருக்கலும் வகுத்தலும் இல்லை. அட்டவணையைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். இன்னொரு நல்ல குணம்: சுருக்கும்போது 1ஆம் நிலையில் வைத்தாலும் 19ஆம் நிலையில் வைத்தாலும் விரிக்கும் வேகம் பெரிதாக மாறுவதில்லை. கூடுதல் உழைப்பெல்லாம் சுருக்குபவர் தலையில். ஆர்ச் குழு 20ஆம் நிலையைத் தேர்ந்தெடுத்ததன் சூட்சுமம் இதுதான்.

இப்போது எண்களைப் பார்ப்போம். சுருக்க முறைகளை ஒப்பிட வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ‘சிலேசியா’ என்ற கோப்புத் தொகுதி 212 எம்பி. டிக்கன்ஸ் நாவல்கள், ஒரு தரவுத்தளம், எக்ஸ்ரே படம், நிரல் கோப்புகள் எல்லாம் கலந்தது. சில ஆண்டுகளுக்கு முந்தைய நல்ல மேசைக் கணினியில், ஒரே கோரில், சுமாராக இப்படி வரும். lz4 இதை 101 எம்பி ஆக்கும். சுருக்கும் வேகம் நொடிக்கு 700 எம்பி, விரிக்கும் வேகம் 4,500 எம்பி. முதல் நிலை zstd 73 எம்பி ஆக்கும். வேகம் முறையே 500, 1,700. ஜிப் கோப்புகளுக்குள் இருக்கும் பழைய zlib, தன் இயல்பு நிலையில் 68 எம்பி. வேகம் 35, 400. xz 49 எம்பிக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் சுருக்கும் வேகம் நொடிக்கு இரண்டரை எம்பி, விரிக்கும் வேகம் 90 எம்பிக்குள்.

இதையே ஒரு டிபி தரவுக்கு நீட்டிப் பார்த்தால் விலை பளிச்சென்று தெரியும். lz4 24 நிமிடத்தில் முடித்துவிடும். 476 ஜிபி ஆகும். zstd 33 நிமிடம் எடுத்து 347 ஜிபி ஆக்கும். ஒன்பது நிமிடம் கூடுதலாகக் கொடுத்து 129 ஜிபி வாங்கியிருக்கிறோம். யாரும் வேண்டாம் என்று சொல்லாத பேரம். அடுத்து xz: 230 ஜிபி. இன்னும் 117 ஜிபி மிச்சம்தான். அதற்குக் கொடுத்தது 110 மணி நேரம், அதாவது நான்கரை நாள். எட்டு கோரில் பங்கிட்டால் காத்திருக்கும் நேரம் குறையலாம். செலவான பிராசசர் நேரம் குறையாது.

ஆனால் நான்கரை நாள் எப்போதுமே வீண் என்று சொல்லிவிட முடியாது. ஒருமுறை சுருக்கி, மூன்று இடங்களில் நகல் வைத்து, பத்து வருடம் தொடாமல் வைக்கப்போகும் ஆவணக் காப்பகம் என்றால் அந்த 117 ஜிபி மூன்றால் பெருகி, பத்து வருட வாடகையாகத் திரும்பி வரும். தினமும் திறந்து மூடும் தரவுத்தளத்துக்கு அதே கோடெக்கை வைப்பதுதான் தவறு.

ஏன் தவறு என்பது டிஸ்க்கின் வேகத்தைப் பக்கத்தில் வைத்தால் புரியும். நொடிக்கு 150 எம்பி தரும் சாதாரண ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்காமல் வைத்தால் நமக்கு 150 எம்பிதான் கிடைக்கும். lz4 போட்டால் டிஸ்க்கிலிருந்து வரும் 150, விரிந்து 315 ஆகும். அதாவது இடமும் மிச்சம், வேகமும் இரட்டிப்பு. zstd என்றால் 435. விரிக்கும் பிராசசருக்கு இந்த வேகமெல்லாம் சுண்டைக்காய். xz போட்டால் கணக்குப்படி 650 வர வேண்டும். ஆனால் விரிப்பவர் 90க்கு மேல் ஓட மாட்டார். சுருக்காமலே வைத்திருந்தால் 150 கிடைத்திருக்குமே!

அதே கணக்கை நொடிக்கு 3,000 எம்பி தரும் என்விஎம்இ எஸ்எஸ்டியில் போட்டால் நிலவரம் தலைகீழ். ஒரே கோரில் lz4 4,500 வரை தாக்குப்பிடிக்கிறது. சுருக்காததைவிட இன்னமும் வேகம். zstd 1,700லேயே நின்றுவிடுகிறது. இப்போது தடை டிஸ்க் அல்ல, பிராசசர். பழைய ஹார்டு டிஸ்க் சர்வரில் அருமையாக ஓடிய அமைப்பை அப்படியே புதிய எஸ்எஸ்டி சர்வருக்கு மாற்றிவிட்டு, ‘டிஸ்க் இருபது மடங்கு வேகமானது, வேலை மட்டும் அப்படி வேகமாகவில்லையே’ என்று குழம்புவது இதனால்தான்.

இவையெல்லாம் கோப்பை முழுதாகக் கொடுத்து எடுத்த கணக்கு. சேமிப்பகத்தில் அப்படி முழுதாகக் கொடுப்பதில்லை. நடுவில் உள்ள ஒரு வரியை மட்டும் படிக்க வேண்டியிருக்கும். அதற்காக ஒரு டிபியையும் விரிக்க முடியாது. எனவே தரவைச் சிறு பிளாக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்குகிறார்கள். கனமான கோடெக்கின் மேன்மையெல்லாம் கரைந்துபோகும் இடம் இதுதான். அறிக்கைகளில் வரும் அழகான எண்களுக்கும், டிஸ்க்கில் கடைசியில் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளியை நான் இங்கேதான் தேடுவேன்.

ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். கோப்பு முறைமை இசட்எஃப்எஸ். அதன்மேல் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி தன் பக்கங்களை 16 கேபியாக எழுதும். அதற்கு ஒத்துப்போக இசட்எஃப்எஸ்ஸின் பிளாக் அளவையும் 16 கேபியாக வைப்பது வழக்கம். கீழே உள்ள டிஸ்க்கின் செக்டர் 4 கேபி. இசட்எஃப்எஸ் ஒரு பிளாக்கைச் சுருக்கியபின் அதை முழு செக்டர்களாகத்தான் எழுத முடியும்.

ஒரு பக்கம் lz4இல் 7.2 கேபி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு செக்டர், 8 கேபி. அதே பக்கத்தை zstd 5.6 கேபி ஆக்குகிறது. கால் பங்குக்கும் மேல் சுருக்கம் கூடியிருக்கிறது. இருந்தும் இரண்டு செக்டர், 8 கேபிதான். அரைக் கிலோ பாக்கெட்டாக மட்டும் விற்கும் கடையில் 700 கிராம் கேட்டாலும் 900 கிராம் கேட்டாலும் இரண்டு பாக்கெட்டுக்குத்தான் பில் போடுவார்கள், அதுபோல. இன்னொரு பக்கம் lz4இல் 8.5, zstdஇல் 7.5 என்று வந்தால் நிலைமை வேறு. முன்னது மூன்று செக்டர், பின்னது இரண்டு. இங்கே zstd 4 கேபி சம்பாதித்துவிட்டது. ஆகக் கூடுதல் உழைப்புக்கான பலன் சீராக வருவதில்லை. படிக்கட்டு தாண்டும் பக்கங்களுக்கு மட்டும் வருகிறது. 16 கேபிக்கு மொத்தமே நான்கு படிக்கட்டுதான். 8 கேபி பக்கம் எழுதும் போஸ்ட்கிரெஸுக்கு அதே அளவில் பிளாக் வைத்தால் இரண்டே இரண்டு: பாதியாகும், அல்லது அப்படியே இருக்கும்.

செக்டர் மட்டுமல்ல, கோடெக்குக்கே சிறு பிளாக் ஒத்துவராது. 8 எம்பி பின்னால் தேடும் வல்லமை இருந்து என்ன பயன்? ஒவ்வொரு 16 கேபிக்கும் நினைவைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கச் சொல்கிறோம். இரண்டாம் கட்டத்தின் அட்டவணைகளையும் ஒவ்வொரு பிளாக்கிலும் மறுபடி எழுதிவைக்க வேண்டும். பிளாக் சிறிதாகச் சிறிதாக lz4க்கும் மற்றவற்றுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வரும்.

மாறாக, லாக் கோப்புகளோ காப்புப் பிரதிகளோ இருக்கும் பகுதியில் பிளாக்கை ஒரு எம்பி ஆக்கினால் 256 படிக்கட்டு கிடைக்கும்; முழு செக்டராக்குவதில் போகும் வீண் கண்ணுக்கே தெரியாது. அங்கே zstd போடுவது நியாயம். ஒரே சர்வரில் தரவுத்தளத்துக்கு lz4, காப்புப் பிரதிக்கு zstd என்று தனித்தனியாக வைக்க இரண்டு வரி போதும் (zstd கோடெக் இசட்எஃப்எஸ்ஸுக்கு வந்தது 2020இல், ஓபன்இசட்எஃப்எஸ் 2.0இல்):

```
zfs set recordsize=16K compression=lz4 tank/mysql
zfs set recordsize=1M compression=zstd tank/backup
```

இந்தப் படிக்கட்டுக் கணக்கை வாங்கும் முன்பே சோதித்துப் பார்க்கலாம். zstd கட்டளைக்குள்ளேயே அதற்கான அளவுகோல் இருக்கிறது. சொந்தத் தரவுக் கோப்பு ஒன்றின் நகலை எடுத்து, முதலில் முழுதாகவும், பிறகு 16 கேபி துண்டுகளாக வெட்டியும் ஓட்டுங்கள்:

```
zstd -b1 -e9 sample.ibd
zstd -b1 -e9 -B16K sample.ibd
lz4 -b1 sample.ibd
```

ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வரி வரும்: பழைய அளவு, புதிய அளவு, எத்தனை மடங்கு, சுருக்கும் வேகம், விரிக்கும் வேகம். முதல் கட்டளைக்கும் இரண்டாவதுக்கும் மடங்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். இரண்டாவதில் 1ஆம் நிலையிலிருந்து 9ஆம் நிலைக்கு ஏறும்போது மடங்கு கொஞ்சமும் அசையாமல் வேகம் மட்டும் சரிந்தால், கனமான நிலை உங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம். செக்டர் கணக்கு இதில் சேராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்; உண்மைப் பலன் இந்த எண்ணைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

தமிழ் உரைகளைச் சேமிப்பவர்களுக்கு இங்கே ஒரு விசேஷம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். ‘அம்மா’ என்பதில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். ஆக 15 பைட். அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒரே மதிப்பு, E0. இரண்டாவது AE அல்லது AF, வேறு கிடையாது. மூன்றில் இரண்டு பங்கு ஏறக்குறைய வெற்றுச் சுமைதான். lz4 குறைந்தது நான்கு பைட் ஒத்தால்தான் குறிப்பு எழுதும். ஒத்த துண்டு கிடைக்காத எழுத்துகளை மூன்று பைட்டாகவே வைத்துவிட்டுப் போய்விடும், ஏனென்றால் அதற்கு இரண்டாம் கட்டம் இல்லை. zstd, xz இரண்டுக்கும் இருக்கிறது. எப்போதும் வரும் E0வுக்கு மிகக் குறைந்த பிட்டே ஒதுக்கும். எனவே தமிழ்ச் செய்திக் களஞ்சியம், பழைய இதழ்களின் உரைத் தொகுப்பு போன்றவற்றுக்கு lz4யோடு நின்றுவிடாமல் முதல் நிலை zstdயையாவது சோதித்துப் பார்க்கச் சொல்வேன்.

ஒரே தரவுத்தளத்துக்குள்ளேயே இரண்டையும் கலந்து வைக்கவும் வழி உண்டு. ஃபேஸ்புக் உருவாக்கிய ராக்ஸ்டிபி அப்படிப்பட்டது. புதிதாக எழுதப்படும் தரவு அதன் மேல் அடுக்கில் விழும். நிரம்ப நிரம்ப ஒவ்வோர் அடுக்காகக் கீழே இறங்கும். ஒவ்வோர் இறக்கத்திலும் தரவு விரிக்கப்பட்டு, கலக்கப்பட்டு, மறுபடி சுருக்கப்படுகிறது. ஒவ்வோர் அடுக்கும் மேலே உள்ளதைப் போலப் பத்து மடங்கு பெரிது என்பதால் மொத்தத் தரவில் ஏறத்தாழ 90 சதவீதம் கடைசி அடுக்கில்தான் கிடக்கும். மேலடுக்குகளில் zstd போட்டால், சீக்கிரமே மறுபடி பிரிக்கப்போகிற மூட்டையை இறுக்கிக் கட்டியதாகிவிடும். மிச்சமாவதும் அந்தப் பத்து சதவீதத்துக்குள்தான். ஆகவே மேலே lz4, அடியில் மட்டும் zstd:

```
compression=kLZ4Compression
bottommost_compression=kZSTD
```

இடத்தில் கிடைக்கும் ஆதாயத்தின் பெரும்பகுதி கடைசி வரியிலேயே வந்துவிடும். பிராசசர் செலவோ ஓர் அடுக்குக்கு மட்டும். கலப்பு அமைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தரவு எங்கே கிடக்கிறது, எத்தனை முறை புரட்டப்படுகிறது என்ற இரண்டே கேள்விகளை வைத்து அமைத்தது.

எந்தக் கோடெக்காலும் சுருக்க முடியாத தரவும் உண்டு. ஜேபெக் படம், வீடியோ, ஏற்கெனவே ஜிப் ஆனவை, மறையாக்கம் செய்தவை எல்லாம் இந்த ரகம். இவற்றின்மேல் கனமான கோடெக்கை ஏவினால் உழைப்பு முழுக்க வீண். lz4, பொருத்தம் கிடைக்காமல் போகப்போகப் பெரிய பெரிய எட்டாகத் தாவி ஓடிவிடும், நஷ்டம் குறைவு. zstdக்காக ஓபன்இசட்எஃப்எஸ் 2.2இல் ஒரு தந்திரம் சேர்த்தார்கள். பெரிய பிளாக்காக இருந்து, 3ஆம் நிலையோ அதற்கு மேலோ கேட்டிருந்தால், முதலில் lz4யை விட்டு ஆழம் பார்க்கும். அது தோற்றால் முதல் நிலை zstdயை விட்டுப் பார்க்கும். இரண்டும் கைவிரித்தால் சுருக்காமலே எழுதிவிடும். மறையாக்கம் மட்டும் வரிசைச் சிக்கல். பயன்பாடு தானே மறையாக்கம் செய்து அனுப்பும் தரவைக் கீழே எந்தக் கோடெக்கும் சுருக்காது. சுருக்கிவிட்டு மறையாக்கினால்தான் உண்டு.

கோடெக் பாரமாகிவிட்டதா என்று கண்டுபிடிப்பதும் கடினமில்லை. லினக்ஸில் எழுதும் வேலை மும்முரமாக ஓடும்போது `top` கட்டளையைத் திறந்து பாருங்கள். `z_wr_iss` என்ற பெயரில் இசட்எஃப்எஸ்ஸின் எழுதும் இழைகள் பட்டியலின் உச்சியில் பிராசசரைத் தின்றுகொண்டிருக்க, `iostat` டிஸ்க்கைப் பாதி சும்மா இருப்பதாகக் காட்டினால், பெரும்பாலும் சுருக்கும் வேலைதான் தடை, நிலையைக் குறைக்கலாம். டிஸ்க் முழு மூச்சில் ஓட, பிராசசர் சும்மா இருந்தால் இன்னும் ஒரு படி கனமான கோடெக்குக்கு இடமிருக்கிறது. எவ்வளவு மிச்சமானது என்பதை இப்படிக் கேட்கலாம்:

```
zfs get compressratio,logicalused,used tank/mysql
```

கோடெக்கை மாற்றிய மறுநாள் இதை ஓட்டிவிட்டு ‘எண் அசையவே இல்லையே’ என்று ஏமாறுபவர்கள் நிறைய. மாற்றம் புதிதாக எழுதப்படும் பிளாக்குகளுக்கு மட்டும்தான். பழையவை எந்தக் கோடெக்கில் எழுதப்பட்டனவோ அதிலேயே கிடக்கும். அவற்றையும் மாற்ற வேண்டுமானால், தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்து மறுபடி ஏற்றுவது போல, தரவைப் புதிதாக எழுதவைக்க வேண்டும். அதற்கு முன் பழைய ஸ்னாப்ஷாட்டுகளைக் கவனியுங்கள். அவை இருக்கும்வரை பழைய பிளாக்குகளும் அழியாது, கொஞ்ச காலத்துக்கு இரண்டு பிரதிகளும் இடம்பிடித்துக்கொண்டிருக்கும்.